ஐந்து கேட்டேன், மூன்றுக்குத்தான் பதில் வந்தது

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் 120 மீட்டருக்கு மழைநீர் வடிகால் என்று ஆரம்பித்து 70 மீட்டரில் நிறுத்திவிட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பேரூராட்சிக்கு ஐந்து கேள்விகள் அனுப்பினேன். அக்டோபர் 6 அன்று அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நவம்பர் 4 அன்று பதில் கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். தபாலில் இதுவரை எதுவும் வரவில்லை. மதிப்பீடு, பணி ஆணை, கொடுத்த தொகை மூன்றுக்கும் பதில் இருக்கிறது. மூன்றாவது கேள்வி (எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தின் நகல்), ஐந்தாவது கேள்வி (ஏன் பாதியில் நிறுத்தினீர்கள், எப்போது முடிப்பீர்கள்) இரண்டுக்கும் பதிலே இல்லை. இன்னொரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். எப்படி எழுதுவது? படங்களையும் என் மனுவின் நகலையும் இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி

பதில்:

அம்மா, நீங்கள் அனுப்பிய படத்தை என் பேரன் கணினியில் பெரிதாக்கிக் காட்டினான். கடிதத்தில் இருப்பதைப் படிப்பதற்கு முன்னால் இல்லாததைத்தான் முதலில் தேடினேன். கீழ்ப்பகுதியில் இடது ஓரம் 'இணைப்பு' என்று ஒரு சொல் தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் எண் இருக்க வேண்டிய இடத்தில் படம் எடுத்தவரின் கட்டைவிரல். அதற்குக் கீழே தாள் தெரியவில்லை, கையெழுத்தின் மேல்பாதி மட்டும் இருக்கிறது. கடிதத்தோடு வந்தவை என்று நீங்கள் அனுப்பியிருப்பது மதிப்பீட்டின் மூன்று தாள், பணி ஆணை ஒரு தாள். ஆக மொத்தம் நான்கு. விரலுக்கு அடியில் இருக்கும் எண் 4 என்றால் சரி. 9 என்றால் ஐந்து தாள்கள் படம் எடுக்காமல் விடுபட்டிருக்கின்றன, எம்-புக் நகல் அதற்குள்ளேயே இருக்கலாம்.

எனவே கடிதம் எழுத உட்காரும் முன் ஒரு நடை அலுவலகத்துக்குப் போய்விட்டு வாருங்கள். 'இந்தக் கடிதத்துக்கு இணைப்பு எத்தனை தாள், அலுவலக நகலைப் பார்க்கலாமா' என்று மட்டும் கேளுங்கள். சண்டை வேண்டாம். கடிதத்தின் பின்பக்கம் எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். தாளை மிச்சம் பிடிக்க இரண்டு பக்கமும் அச்சடிக்கும் அலுவலகங்கள் உண்டு. படம் எடுப்பவர் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடுவார். ந.க. எண்ணையும் மூலத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். படத்தில் அது 412ஆ 472ஆ என்று எனக்கே பிடிபடவில்லை. தவறான எண்ணைப் பார்வையில் போட்டால் உங்கள் கடிதம் வேறு கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். காட்ட மாட்டோம் என்றால் வாதாடாமல் திரும்பி வந்துவிடுங்கள், அதற்கும் கடிதத்தில் இடம் இருக்கிறது.

அப்புறம், அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். அனுப்பிய எண், நாள், நேரம் தெரியும்படி திரையைப் படம் பிடித்து அச்செடுத்து வையுங்கள். பதில் உங்கள் கைக்கு எப்போது வந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். தபால் உறை இருந்தால் முத்திரை பேசும், படத்துக்கு அந்த வசதி இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 'இன்னொரு கடிதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பதில் எழுதிய அதே செயல் அலுவலருக்கு 'இரண்டு கேள்விக்குப் பதில் இல்லை, தயவுசெய்து அனுப்பவும்' என்று நினைவூட்டல் எழுதுவார்கள். ஒரு மாதம் காத்திருப்பார்கள். இன்னொன்று எழுதுவார்கள். அதற்குள் மேல்முறையீட்டுக்கான 30 நாள் போய்விடும். நினைவூட்டல் எழுதியதால் அந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னித்து ஏற்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் அது மேல்முறையீட்டு அலுவலரின் மனசைப் பொறுத்தது. கையில் நாள் இருக்கும்போது அதை நம்பி இருப்பானேன்?

உங்கள் கணக்கு இப்படி வருகிறது. மனு சேர்ந்தது அக்டோபர் 6. பொதுத் தகவல் அலுவலருக்கான 30 நாள் நவம்பர் 5 அன்று முடிந்தது. படம் வந்தது நவம்பர் 4. அன்றிலிருந்து எண்ணினால் உங்கள் கெடு டிசம்பர் 4. படமாக வந்தது முறையான பதிலே அல்ல, எனவே கெடு இன்னும் தொடங்கவில்லை என்று யாராவது சட்டம் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் அதை நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். குறைவான நாளையே கணக்கில் வைத்து, நவம்பர் மாதத்துக்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள். ஆக நீங்கள் எழுத வேண்டியது நினைவூட்டல் அல்ல, சட்டத்தின் 19(1) பிரிவின் கீழ் முதல் மேல்முறையீடு. பெயர்தான் பெரிது, அதுவும் ஒரு பக்கக் கடிதம்தான். தமிழ்நாட்டில் அதற்குக் கட்டணமும் கிடையாது.

சரி, விடுபட்ட இரண்டு கேள்விகள். உங்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிப் புறக்கணிப்பாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை.

மூன்றாவது கேள்வியைப் பாருங்கள். பதில் கடிதத்தின் அட்டவணையில் அது விடுபடவில்லை, ஒளிந்திருக்கிறது. இடதுபக்கக் கட்டத்தில் '3 மற்றும் 4' என்று சேர்த்து எழுதி, வலதுபக்கத்தில் 'மேற்படி பணிக்கு முதல் மற்றும் இறுதிப் பட்டியல்படி ரூ.8,95,400 வழங்கப்பட்டுள்ளது' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்க்கும் மேலதிகாரிக்கு எல்லா எண்ணுக்கும் எதிரே ஏதோ எழுதியிருப்பதாகத் தெரியும். நான் பணியில் இருந்த காலத்தில் இப்படிப் பதில் தயாரித்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. பெரும்பாலும் இது சதி அல்ல. மனு பொதுப் பிரிவுக்கு வரும், எம்-புக் பொறியியல் பிரிவில் இருக்கும். பிரிவு எழுத்தர் ஒரு குறிப்பு அனுப்புவார், அங்கிருந்து பதில் வராது. 28ஆம் நாள் ஆனதும் கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றி அனுப்பிவிடுவோம். கேட்டவர் திரும்பக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான்.

ஆனால் அந்த ஒரு வரியில் அவர்களே உங்களுக்கு ஒரு பிடியைக் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தப் பணியில் பட்டியல் எப்படிப் போடுகிறார்கள் என்று கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். பொறியாளரோ பணி மேற்பார்வையாளரோ இடத்தில் அளந்து, நீளம், அகலம், ஆழம் எல்லாவற்றையும் எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், பதிவார். மேலே உள்ள பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். அந்த அளவை விலைவிகிதத்தால் பெருக்கித்தான் பட்டியல் வரும், பட்டியலை வைத்துத்தான் பணம் போகும். பணம் போயிருக்கிறது என்று எழுத்தில் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் எம்-புக் பக்கம் கட்டாயம் இருக்கிறது. 'இல்லை' என்றோ 'தெரியவில்லை' என்றோ இனிச் சொல்ல முடியாது. 'முதல் மற்றும் இறுதி' என்ற சொற்களையும் கவனியுங்கள். இடையில் வேறு பட்டியல் இல்லை, இதற்குப் பின்னும் இல்லை, கணக்கை மூடியாயிற்று என்று அர்த்தம். உங்கள் கண்ணுக்குப் பாதியில் நிற்கும் வேலை அவர்கள் ஏட்டில் முடிந்துவிட்டது.

மதிப்பீடு ரூ.9,60,000, அது 120 மீட்டருக்கு. கொடுத்தது ரூ.8,95,400, நிற்பது 70 மீட்டர். உடனே கணக்குப் போடத் தோன்றும். வீட்டில் போடுங்கள், கடிதத்தில் போடாதீர்கள். மண் கடினமாக இருந்து ஆழம் கூடியிருக்கலாம், மூடு பலகை சேர்ந்திருக்கலாம், மதிப்பீட்டைத் திருத்தியிருக்கலாம். எது என்று எம்-புக் சொல்லும். அது கைக்கு வரும் முன் 'முறைகேடு', 'கையாடல்' என்ற சொல் ஒன்று விழுந்தால் மேல்முறையீடு புகார் மனுவாக மாறிப் போகும், விசாரணைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஒரு வரியில் பதில் வரும், நகல் வராது.

ஐந்தாவது கேள்வியின் கதை வேறு. அது அட்டவணையிலேயே இல்லை. நாலோடு முடித்துவிட்டார்கள். அப்படி விட்டது தவறுதான். கொடுக்க முடியாது என்றால் முடியாது என்று காரணத்தோடு எழுத வேண்டும், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம், எத்தனை நாளைக்குள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரிவு 7(8) அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஒளிக்காமல் சொன்னால், கேள்வியிலும் ஓட்டை இருக்கிறது. இந்தச் சட்டத்தில் 'தகவல்' என்பது அலுவலகத்தில் ஏதாவது ஒரு வடிவில் ஏற்கெனவே இருப்பது: ஆவணம், குறிப்பு, கடிதம், ஆணை, பதிவேடு, கணினிக் கோப்பு. இல்லாத ஒன்றை உங்களுக்காக உண்டாக்கித் தரவோ, விளக்கமும் அபிப்பிராயமும் எழுதித் தரவோ பொதுத் தகவல் அலுவலருக்குக் கடமை இல்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாய் என்பவருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011ல் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 'ஏன் நிறுத்தினீர்கள்' என்று கேட்டால் அவர்கள் யோசித்து ஒரு காரணம் எழுத வேண்டும். 'எப்போது முடிப்பீர்கள்' என்பதோ வாக்குறுதி கேட்பது. இரண்டையும் இந்தச் சட்டம் வாங்கித் தராது.

அதற்காக அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டியதில்லை, திருப்பிப் போட வேண்டும். வேலை நின்றது என்றால் அதற்கு ஏதாவது ஒரு காகிதம் இருக்கும். ஒப்பந்ததாரர் எழுதிய கடிதம், பொறியாளரின் தல ஆய்வுக் குறிப்பு, திருத்திய மதிப்பீடு, பணி நிறைவுச் சான்று, மன்றத் தீர்மானம், இப்படி. 'ஏன்' என்பதை அந்தக் காகிதங்களின் பெயராக மாற்றிக் கேட்டால் அது தகவல் ஆகிவிடும். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேல்முறையீட்டில் புதுக் கேள்வி சேர்க்க முடியாது. முதல் மனுவில் கேட்காததைக் கேட்டால் 'மனுவில் இல்லாத இனம்' என்று தள்ளிவிடுவார்கள், சில சமயம் அதைச் சாக்காக வைத்து மொத்தத்தையும் ஓரம் கட்டுவார்கள். அதனால் மேல்முறையீட்டில் ஐந்தாவது கேள்வியை மெதுவாகத் தொட்டுவிட்டு, அதே நாளில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு புது மனுவும் போடுங்கள். புது மனுதான் அந்தக் கேள்விக்கு உண்மையான வழி.

மேல்முறையீட்டை உங்களுக்காக எழுதிப் பார்த்தேன். எண்களை மூலத்தோடு சரிபார்த்துக்கொண்டு இதையே பயன்படுத்தலாம்.

அனுப்புநர்: பெயர், முழு முகவரி, கைபேசி எண்.

பெறுநர்: மேல்முறையீட்டு அலுவலர் (தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005), அலுவலகப் பெயர், முகவரி.

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 – பிரிவு 19(1) – முதல் மேல்முறையீடு – கோரிய ஐந்து இனங்களில் 3 மற்றும் 5க்குத் தகவல் வழங்கப்படாதது – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு நாள் 03.10.2025, அலுவலகத்தில் பெறப்பட்டது 06.10.2025. 2. பொதுத் தகவல் அலுவலரின் கடிதம் ந.க. எண் ......, நாள் 31.10.2025 (04.11.2025 அன்று வாட்ஸ்அப் வழியாகப் படமாகக் கிடைத்தது).

ஐயா,

பார்வை 1ல் கண்ட மனுவில் ஐந்து இனங்களில் தகவல் கோரியிருந்தேன். பார்வை 2ல் கண்ட கடிதத்தில் இனம் 1, 2, 4க்குத் தகவல் கிடைத்துள்ளது. அவற்றில் எனக்குக் குறை இல்லை.

இனம் 3ல் நான் கோரியது: 'மேற்படி பணிக்கான அளவுப் புத்தகத்தின் (எம்-புக்) தொடர்புடைய பக்கங்களின் சான்றிட்ட நகல்.' இதை இனம் 4உடன் சேர்த்து, வழங்கிய தொகை மட்டும் தெரிவிக்கப்பட்டுள்ளது. நகல் வழங்கப்படவில்லை, மறுப்பதற்கான காரணமும் சொல்லப்படவில்லை. இப்பணிக்கு முதல் மற்றும் இறுதிப் பட்டியல்படி தொகை வழங்கப்பட்டதாகப் பொதுத் தகவல் அலுவலரே தெரிவித்திருப்பதால், அளவுப் பதிவுகள் அலுவலகத்தில் உள்ளன என்பது தெளிவு.

இனம் 5 பதிலில் இடம்பெறவே இல்லை. இதில் நான் கோருவது விளக்கம் அல்ல. பணி நிறுத்தப்பட்டது குறித்து அலுவலகக் கோப்பில் பதிவாகியுள்ள காரணமும் அதற்கான ஆவணமும் மட்டுமே. அப்படி எந்த ஆவணமும் இல்லையென்றால், இல்லை என்பதை எழுத்தில் தெரிவித்தால் போதும்.

எனவே, (அ) இனம் 3க்கான சான்றிட்ட நகல்களை, 30 நாள் கெடு முடிந்துவிட்டதால் பிரிவு 7(6)ன்படி கட்டணமின்றி வழங்கவும், (ஆ) இனம் 5க்கு மேற்கண்டவாறு பதில் அளிக்கவும், (இ) பார்வை 2ல் கண்ட கடிதத்தைக் கையொப்பத்துடனும் எல்லா இணைப்புகளுடனும் தபாலில் அனுப்பவும் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: 1. மனுவின் நகல். 2. மனு சேர்ந்ததற்கான அஞ்சல் சான்று. 3. படமாகப் பெற்ற பதிலின் அச்சு, 5 தாள். 4. அது வந்த நாளும் நேரமும் காட்டும் கைபேசித் திரையின் அச்சு, 1 தாள்.

இடம், நாள், கையொப்பம். நகல்: பொதுத் தகவல் அலுவலர்.

இவ்வளவுதான் கடிதம். சில இடங்களை ஏன் அப்படி வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் மாற்றும்போது அவை போய்விடக் கூடாது.

'அவற்றில் எனக்குக் குறை இல்லை' என்ற வரி மரியாதைக்காக மட்டும் அல்ல. மேல்முறையீட்டு அலுவலரின் மேசையில் தடிமனான கோப்போடு இது போகும். ஐந்தில் மூன்று முடிந்தது, மிச்சம் இரண்டுதான் என்று முதல் பத்தியிலேயே தெரிந்தால் அவர் படிப்பார். எல்லாவற்றையும் மறுபடி அலசினால் 'ஏற்கெனவே பதில் அளிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரியில் கதை முடிந்துவிடும். மூன்றாவது கேள்வியை மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். உங்கள் மனுவில் இருக்கும் சொல்லைத்தான் போட வேண்டும், அழகுபடுத்தக் கூடாது. கேட்டதும் கிடைத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். நல்லவேளையாக நீங்கள் மனுவிலேயே 'சான்றிட்ட நகல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது இல்லாமல் 'எம்-புக் விவரம்' என்று இருந்திருந்தால் தொகையைச் சொன்னதே விவரம்தான் என்று வாதாடியிருப்பார்கள்.

படமாக அனுப்பியதைக் கடைசிக் கோரிக்கையாக வைத்ததற்கும் காரணம் உண்டு. அதை முன்னால் வைத்தால் மேல்முறையீட்டு அலுவலர் 'மூலக் கடிதத்தைத் தபாலில் அனுப்புக' என்று ஆணையிட்டுக் கோப்பை மூடிவிடுவார். அதே ஓட்டைக் கடிதம் கையெழுத்தோடு வீட்டுக்கு வரும்.

ஒரு நாளைக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் என்று மிரட்டும் வரியைச் சேர்க்கச் சொல்லி உங்களுக்கு யாராவது யோசனை சொல்வார்கள். சேர்க்காதீர்கள். அந்த அதிகாரம் தகவல் ஆணையத்துக்கு மட்டுமே உண்டு. இல்லாத அதிகாரத்தைக் காட்டி ஒருவரிடம் ஆணை கேட்டால் எழுதியவருக்குச் சட்டம் தெரியாது என்று முதல் பார்வையிலேயே முடிவு கட்டிவிடுவார்கள்.

பெறுநர் யார் என்பது உங்கள் பதில் கடிதத்திலேயே இருந்திருக்க வேண்டும், இல்லை. பேரூராட்சிகளில் செயல் அலுவலர் பொதுத் தகவல் அலுவலராக இருந்தால், அந்த மண்டலத்தின் பேரூராட்சிகள் உதவி இயக்குநர்தான் பெரும்பாலும் மேல்முறையீட்டு அலுவலர். அலுவலகச் சுவரில் இதற்கென்று ஒரு பலகை இருக்கும், அங்கே போகும்போது அதையும் படித்துவிட்டு வாருங்கள். பெயர் தேவையில்லை, பதவி போதும். பெயர் எழுதினால் அவர் மாறுதலாகிப் போயிருக்கும்போது உறை பிரிக்காமல் கிடக்கும்.

இனி புது மனு. அது செயல் அலுவலருக்கு, பிரிவு 6(1)ன் கீழ். பணியின் பெயரையும் பணி ஆணை எண்ணையும் மேலே எழுதிவிட்டு, பணி ஆணை நாள் முதல் இன்று வரை என்று காலத்தை வரையறுத்து, அந்தக் காலத்தில் இப்பணி குறித்து ஒப்பந்ததாரரிடமிருந்து வந்த, அவருக்கு அனுப்பிய கடிதங்களின் நகல், திருத்திய மதிப்பீடு இருந்தால் அதன் நகல், பணி நிறைவுச் சான்றின் நகல் என்று மூன்றே மூன்று கேளுங்கள். நான்காவதாக ஒன்று சேர்க்கலாம்: பணி நடந்த இடத்தைப் பொறியாளர் முன்னிலையில் ஆய்வு செய்ய ஒரு நாள் குறித்துத் தருமாறு கேட்பது. தகவல் அறியும் உரிமை என்பது காகிதம் வாங்குவது மட்டும் அல்ல, பணியையும் ஆவணத்தையும் நேரில் ஆய்வு செய்வதும் பயன்படுத்திய பொருளின் மாதிரி எடுப்பதும் அதில் அடக்கம் என்று பிரிவு 2(j) சொல்வது பலருக்குத் தெரியாது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டாம், அவர்கள் கேட்கவும் கூடாது.

'எப்போது முடிப்பீர்கள்' என்பதற்கு இந்தச் சட்டத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் ஒரு சாதாரண மனு போதும். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100 என்ற எண்ணிலும் பதியலாம். அந்த மனுவில் மேல்முறையீட்டைப் பற்றி மூச்சு விட வேண்டாம், இரண்டையும் குழப்பினால் இரண்டும் நகராது.

அனுப்புவதில் ஒரு சின்ன மாற்றம் வந்திருக்கிறது. பதிவுத் தபாலை 2025ல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். அஞ்சலகத்தில் விரைவுத் தபால் என்றே கேட்டு, சேர்ந்ததற்கான சான்றும் வேண்டும் என்று சொல்லுங்கள். மேல்முறையீடும் புது மனுவும் தனித்தனி உறையில் போகட்டும். ஒரே உறையில் போட்டால் உள்ளே ஒன்றுதான் இருந்தது என்பார்கள். அலுவலகம் பக்கத்தில் என்றால் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் நாளும் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

மேல்முறையீட்டு அலுவலர் பெற்ற நாளிலிருந்து 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும், காரணத்தைப் பதிவு செய்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். விசாரணைக்கு அழைத்தால் போங்கள். அங்கே செயல் அலுவலர் அல்லது எழுத்தர் எம்-புக் பக்கங்களைக் கையில் கொடுத்து, 'தகவல் பெற்றுக்கொண்டேன், திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். தாள்களை எண்ணிப் பார்த்து, 'இனம் 3க்கு இத்தனை தாள் மட்டும் பெற்றேன், இனம் 5 நிலுவை' என்று உங்கள் கைப்பட எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். முடிவே வராவிட்டாலும், வந்த முடிவு சரியில்லாவிட்டாலும் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு உண்டு. அங்கே வரிசை நீளம். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அங்கே அலுவலகத்தின் மேல்தான் இருக்கும் என்பது மட்டும் இப்போதைக்கு நினைவில் இருக்கட்டும். அது வரைக்கும் போகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பணம் கொடுத்ததாக அவர்களே எழுதிய வரி கையில் இருக்கும்போது, எம்-புக்கை மறைக்க எந்த மேல்முறையீட்டு அலுவலரும் தன் கையெழுத்தைக் கொடுக்க மாட்டார்.

நகல் வந்ததும் எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம் என்று கட்டம் போட்ட பக்கத்தைத் தேடுங்கள். நீளத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு நாடாவோடு தெருவில் இறங்கி அளந்து பாருங்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். நான்கு மூலையும் தெரியட்டும், விரல் வேண்டாம்.